மணியடிக்கும் கணக்கு: எல்சிஎம்மா எச்சிஎஃபா என்று பார்க்க மூன்று வழிகள்

என் மகன் இப்போது உயர்நிலை 1. காரணி, மடங்கு எல்லாம் தொடக்கநிலை 4-லேயே படித்துவிட்டான். பகா எண்களாகப் பிரித்து எல்சிஎம் என்ற மீச்சிறு பொது மடங்கும், எச்சிஎஃப் என்ற மீப்பெரு பொதுக் காரணியும் கண்டுபிடிப்பதும் நன்றாகவே வருகிறது. சிக்கல் அதற்கு முந்தைய படியில்தான்: இந்தக் கணக்குக்கு இரண்டில் எது வேண்டும்?

போன மாதம் அவன் செய்த வீட்டுப்பாடத்தில் இப்படி ஒன்று. மூன்று மணிகள் 12, 18, 30 நிமிடங்களுக்கு ஒருமுறை அடிக்கின்றன. காலை 8.00-க்கு மூன்றும் சேர்ந்து அடித்தன. அடுத்து எப்போது சேர்ந்து அடிக்கும்? அவன் மூன்று எண்களையும் பிரித்து, பொதுவாக இருந்த 2-ஐயும் 3-ஐயும் பெருக்கி, 8.06 என்று எழுதியிருந்தான். பிரித்ததில் பிழையே இல்லை. ஏன் எச்சிஎஃப் எடுத்தாய் என்று கேட்டேன். "சேர்ந்துன்னா பொதுவா இருக்கறதுதானேம்மா" என்றான்.

அதற்கப்புறம் மூன்று விதமான சோதனைகளை அவனோடு உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன்.

முதலாவது, சொல்லைப் பார்த்து முடிவு செய்வது. துணைப்பாட வகுப்பில் இதைத்தான் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். 'அடுத்து எப்போது', 'மீண்டும் சேர்ந்து' என்று வந்தால் எல்சிஎம். 'அதிகபட்சம்', 'சமமாகப் பிரி' என்று வந்தால் எச்சிஎஃப். வேகமானது, பல கணக்குகளுக்குச் சரியாகவும் வரும். ஆனால் 'சேர்ந்து' என்ற சொல்லே அவனை எச்சிஎஃப் பக்கம் இழுத்துவிட்டதே! சொல் கேள்வித்தாளில் இருக்கிறது, அதன் பொருள் பிள்ளையின் மனத்தில் இருக்கிறது. இரண்டும் ஒத்துப்போனால்தான் இந்த வழி உதவும்.

இரண்டாவது, விடை பெரிதா சிறிதா என்று முதலிலேயே யோசிப்பது. 30 நிமிடத்துக்கு ஒருமுறை அடிக்கும் மணி 8.30-க்கு முன்னால் மறுபடி அடிக்கவே அடிக்காது. அப்படியிருக்க, மூன்றும் சேர்வது 8.30-க்கு முன்னால் எப்படி முடியும்? 8.06-க்கு ஒரு மணிகூட அடிக்காது. முதல் ஓசையே 8.12-க்குத்தான். இதைச் சொன்னதும் அவனே அழித்துவிட்டான். இந்தச் சோதனை எனக்குப் பிடித்திருக்கிறது. ஒரு கவனம் மட்டும் தேவை: விடை 'எல்லாவற்றையும்விடப் பெரிது' என்று சொல்லிவிடக் கூடாது. 10, 30 நிமிட மணிகள் என்றால் எல்சிஎம் 30-தான். பெரிய எண்ணுக்குக் குறையாது என்று சொல்வதே சரி.

மூன்றாவதுதான் இப்போது எங்கள் வீட்டில் நிலைத்துவிட்டது. எது எதை மீதமில்லாமல் வகுக்கும் என்று கேட்பது. மணிக் கணக்கில் இருப்பது இரண்டே பொருள்: ஓர் இடைவெளி, 8.00-லிருந்து ஓடிய நேரம். மணி அடிக்கிறது என்றால், ஓடிய நேரத்தை அந்த இடைவெளி மீதமில்லாமல் வகுக்கிறது என்று பொருள். இது எந்த மணிக் கணக்கிலும் மாறாது. அப்புறம் ஒரே கேள்விதான்: இந்த இரண்டில் எதைக் கொடுத்திருக்கிறார்கள், எதைக் கேட்கிறார்கள்?

மேலே உள்ள கணக்கில் இடைவெளிகள் தெரியும், நேரம் தெரியாது. தெரியாத எண்ணை 12, 18, 30 மூன்றும் வகுக்க வேண்டும். அப்படியானால் அது பொது மடங்கு. அதில் மிகச் சிறியது எல்சிஎம், 180. அதாவது மூன்று மணி நேரம், காலை 11.00.

சொல்லைப் பார்க்கும் வழிக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை அவனுக்குக் காட்ட, அதே எண்களை வைத்தே வேறொரு கணக்கு எழுதினேன். ஒரே ஒரு மணி, சம இடைவெளியில் அடிக்கிறது. 8.00-க்கு அடித்தது. 8.12, 8.18, 8.30 ஆகிய நேரங்களிலும் அடித்ததைக் கேட்டோம். இடையில் அடித்தவற்றைக் கவனிக்கவில்லை. இடைவெளி அதிகபட்சம் எவ்வளவு இருக்கலாம்? மணி என்று பார்த்ததும் அவன் 180 என்று எழுதத் தொடங்கினான். பேனாவை நிறுத்தச் சொல்லி அந்தக் கேள்வியைக் கேட்டேன். "இப்ப நேரம் தெரியும்மா, இடைவெளிதான் தெரியாது" என்றான். தெரியாத எண் 12, 18, 30 மூன்றையும் வகுக்க வேண்டும். இப்போது எச்சிஎஃப், 6 நிமிடம். முன்பு பிழையாக வந்த அதே 6, இங்கே சரியான விடை. மணிக் கணக்கு என்றாலே எல்சிஎம் என்று மனப்பாடம் செய்திருந்தால் இதில் மாட்டிக்கொள்வான்.

இந்த வழியை நான் தேர்ந்தெடுத்ததற்கு முக்கியக் காரணம், விடை வந்த பிறகும் இது வேலை செய்வதுதான். மற்ற இரண்டும் எதை எடுப்பது என்பதோடு நின்றுவிடும். ஒருநாள் அவன் அவசரத்தில் மூன்று எண்களையும் அப்படியே பெருக்கி 6480 நிமிடம் என்று எழுதிவிட்டான். அது 108 மணி நேரம், நாலரை நாள். சொல்லைப் பார்த்தால் சரி. விடை பெரிது என்பதும் சரி. பொது மடங்கும்தான், ஆனால் மிகச் சிறியது இல்லை. வகுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். 6480-ஐ 12, 18, 30 ஆல் வகுத்தால் 540, 360, 216 வரும். ஒவ்வொரு மணியும் எத்தனையாவது முறை அடிக்கிறது என்பதே இந்த எண்கள். மூன்றுக்கும் பொதுவாக 36 இருக்கிறது. அப்படியென்றால் அதற்கு முன்னாலேயே சேர்ந்து அடித்திருக்கும். 6480-ஐ 36 ஆல் வகுத்தால் 180 கிடைக்கிறது. 180-ஐ அதேபோல வகுத்தால் 15, 10, 6. இரண்டிரண்டாகப் பார்த்தால் பொதுக் காரணி உண்டு, ஆனால் மூன்றையும் வகுக்கும் எண் 1 மட்டும்தான். இதற்குமேல் சுருக்க முடியாது.

முதல் இரண்டையும் ஒரேயடியாக விடச் சொல்லவில்லை. தேர்வில் நேரம் குறைவாக இருக்கும்போது 8.30 சோதனை ஒரு நொடியில் முடிகிற வேலை. நாங்களும் அதை வைத்திருக்கிறோம். நான் பார்த்தது ஒரு பிள்ளையைத்தான். வகுத்தலில் இன்னும் தயங்குகிற பிள்ளைக்கு மூன்றாவது வழி சுமையாக இருக்கலாம், அவர்களுக்கு 8.12, 8.24, 8.36 என்று நேரங்களை வரிசையாக எழுதிப் பார்ப்பதே நல்ல தொடக்கம் என்று தோன்றுகிறது.

ஓரிடத்தில் மட்டும் இந்தக் கேள்வி நேரடியாக உதவாது: மணிகள் சேர்ந்து தொடங்காதபோது. ஒன்று 8.00-லிருந்து 12 நிமிடத்துக்கு ஒருமுறை, மற்றொன்று 8.06-லிருந்து 18 நிமிடத்துக்கு ஒருமுறை என்றால், நேரங்களை எழுதிப் பார்த்தால் 8.24-ல் சேர்கின்றன. அதன்பின் எல்சிஎம்மான 36 நிமிடத்துக்கு ஒருமுறை. இரண்டாவது மணி 8.04-ல் தொடங்கியிருந்தால் என்றைக்கும் சேராது. தொடங்கும் நேரங்களின் வித்தியாசத்தை 12, 18-இன் எச்சிஎஃப் 6 வகுக்க வேண்டும்; 4-ஐ 6 வகுக்காது. இதை அவனுக்கு இன்னும் காட்டவில்லை. பள்ளி விடுமுறையில் ஒரு தாளில் இரண்டு வரிசை நேரங்களையும் எழுதச் சொல்லி, எங்கே சேருகிறது என்று அவனையே தேட விடலாம் என்றிருக்கிறேன்.