ஏற்காடு காப்பி குடோனுக்குப் புளூடூத் சென்சாரா, வைஃபை சென்சாரா?

பார்ச்மென்ட் காப்பியைக் களத்தில் உலர்த்தி, ஈரத்தை 11 சதவீதம் அளவுக்கு இறக்கி மூட்டை பிடித்தாலும் கவலை தீராது. மழைக்காலத்தில் குடோன் காற்றில் ஈரம் ஏறினால், கொட்டை அதைத் திரும்பக் குடித்துவிடும். அதனால் மூட்டை அடுக்குக்கு நடுவே வெப்பநிலையும் ஈரப்பதமும் காட்டும் சின்ன சென்சார் வைக்கும் பழக்கம் எஸ்டேட்களில் வந்திருக்கிறது. கடையில் இரண்டு வகை கிடைக்கும், ஒன்று புளூடூத், இன்னொன்று வைஃபை. இரண்டும் ஓடுவது ஒரே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில்தான். ஆனால் வேலை செய்யும் விதம் வேறு.

முதலில் பேட்டரி. பெரும்பாலும் முடிவு அங்கேதான் இருக்கிறது. வைஃபை சென்சார் ஒவ்வொரு முறை கண் விழிக்கும்போதும் ரவுட்டரைத் தேட வேண்டும், பாஸ்வேர்டு சரிபார்க்க வேண்டும், ஐபி முகவரி வாங்க வேண்டும், அப்புறம்தான் அளவை அனுப்ப முடியும். இதற்கு மூன்று விநாடி, சராசரியாக 120 மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு தடவைக்கு 0.1 மில்லி ஆம்பியர் மணி. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை என்றால் ஒரு நாளைக்கு 144 தடவை, அதாவது 14.4 மில்லி ஆம்பியர் மணி. நல்ல 18650 லித்தியம் செல்லில் 2500 இருக்கும். கணக்குப்படி ஐந்தரை மாதம்.

புளூடூத் சென்சார், அதாவது குறைமின் வகை, யாரிடமும் கேட்காமல் இரண்டு விநாடிக்கு ஒருமுறை அளவை அறிவித்துவிட்டுத் தூங்கிவிடும். ஒரு அறிவிப்புக்குச் சில மில்லி விநாடிதான், மின்சாரமும் ஐந்தாறு மில்லி ஆம்பியரைத் தாண்டாது. தூக்கத்தையும் சேர்த்துச் சராசரி 10 மைக்ரோ ஆம்பியர். 220 கொள்ளளவுள்ள 2032 பட்டன் செல் கணக்கில் இரண்டரை வருடம் ஓட வேண்டும். மலைக் குளிரில் செல் சோர்ந்துபோகும் என்பதால் ஒரு வருடத்துக்கு மேல் வந்தாலே நான் திருப்திப்படுவேன். அதே பட்டன் செல்லை வைஃபைக்குப் போட முடியாது. அனுப்பும் கணத்தில் 200 மில்லி ஆம்பியருக்கு மேல் இழுக்கும், மின்னழுத்தம் சரியும், சிப் ரீசெட் ஆகும், மறுபடி தேடும்.

தூரத்தில் வைஃபைக்குத்தான் கை ஓங்கும். புளூடூத் சென்சார் பொதுவாக 1 மில்லி வாட்டில் அனுப்பும், வைஃபை 100 வரை போகும். திறந்த வெளியில் இது பத்து மடங்கு தூரம். ஆனால் பங்களாவுக்கும் குடோனுக்கும் 40 மீட்டர், நடுவே கருங்கல் சுவர், நனைந்த காப்பிச் செடிகள் என்றால் கதை மாறும். ஈர இலை இந்த அலையை நன்றாகவே விழுங்கும். வெயிலில் வந்த சிக்னல் மழையில் வராமல் போவது இதனால்தான்.

இங்கே பலர் கவனிக்காத ஒன்று உண்டு. சிக்னல் மெலிந்தால் வைஃபையின் பேட்டரியும் சேர்ந்து அடிவாங்கும். மூன்று விநாடியில் முடிய வேண்டிய இணைப்பு பத்து விநாடி இழுக்கும், ஐந்தரை மாதம் இரண்டு மாதத்துக்கும் கீழே இறங்கும். செல் சீக்கிரம் தீர்ந்தால் செல்லைத் திட்டுவதற்கு முன், சென்சார் இருக்கும் இடத்தில் போனை வைத்து சிக்னலைப் பாருங்கள். −65 டிபிஎம் என்றால் பரவாயில்லை, −85 பக்கம் போனால் இடம் சரியில்லை. புளூடூத் சென்சாருக்கு இந்தத் தொல்லை இல்லை. கேட்க ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதன் செலவு ஒன்றுதான்.

குடோனில் கரண்ட் பாயின்ட் இருந்து, ஒரே சென்சார் போதும் என்றால், சார்ஜர் மாட்டிய வைஃபையே எளிது. நான்கைந்து இடத்தில் அளக்க வேண்டுமானால் எல்லாம் புளூடூத்தாக இருக்கட்டும். ஜன்னலோரம் கரண்டில் ஓடும் ஒரு கேட்வே வைத்தால், அது அவற்றைக் கேட்டு வைஃபை வழியாகப் பங்களாவுக்குத் தள்ளிவிடும். கரண்ட் போனால் அந்த நேரத்து அளவுகள் போய்விடும் என்பதால், சொந்த நினைவகம் உள்ள சென்சாராகப் பார்த்து வாங்குங்கள்.

இணைப்பதில் இரண்டுக்கும் தனித்தனிக் குடைச்சல். வைஃபை சென்சார்களில் பல 2.4 மட்டுமே அறியும். போன் 5 கிகாஹெர்ட்ஸில் இருக்கும்போது அமைக்கப் போனால் சில ஆப்கள் தடுமாறும். ரவுட்டர் பாஸ்வேர்டை மாற்றினால் ஒவ்வொன்றுக்கும் திரும்பச் சொல்லிக்கொடுக்க வேண்டும். புளூடூத்தில் வேறு மாதிரி. "அண்ணா, என் போன்ல மட்டும் வரவே மாட்டேங்குது" என்று ஓர் எஸ்டேட் கணக்குப்பிள்ளைத் தம்பி கேட்டார். முதலாளி போனில் ஆப் திறந்தபடி இருந்தது. இந்த மாதிரி சென்சார்களில் பல, ஒரு போனோடு இணைந்துவிட்டால் அறிவிப்பதை நிறுத்திவிடும், மற்ற போன்களுக்குத் தெரியாது. அங்கே மூடியதும் இங்கே வந்தது. அப்படியும் வராவிட்டால், ஆண்ட்ராய்டு 11 வரையுள்ள பழைய போன்களில் லொகேஷன் ஆன் ஆகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது இல்லாமல் புளூடூத் தேடல் ஒன்றையும் காட்டாது.