எண்ணெய் முகம், வறண்ட கால், பயத்தம்மாவு: 4 ஆண்டு அனுபவம்

என் முகத்தில் மதியத்துக்குள் எண்ணெய் வழியும். முழங்காலுக்குக் கீழேயோ தோல் வறண்டு, நகம் பட்டாலே வெள்ளைக் கோடு விழும். தாம்பரம் பக்கம் ஆழ்துளைக் கிணற்று நீர் வரும் வீட்டுக்குக் குடிவந்த பிறகு கால் வறட்சி அரிப்பாக முற்றியதால், 4 ஆண்டுகளுக்கு முன் சோப்பை ஒதுக்கிவிட்டுப் பயத்தம்மாவுக்கு மாறினேன்.

உப்புநீரில் உள்ள கால்சியம் சோப்போடு சேர்ந்து, நீரில் கரையாத வெண்படலமாகிறது. வாளியிலும் குவளையிலும் படியும் அதே படலம் தோலிலும் தங்குகிறது. சோப்பு இயல்பிலேயே காரத்தன்மை உடையது, தோலின் மேற்பரப்போ சற்றே அமிலத்தன்மை உடையது என்பதால், ஏற்கெனவே வறண்ட இடம் மேலும் இறுகிவிடுகிறது. பயத்தம்மாவில் இந்தப் படலம் உண்டாவதில்லை என்பதை வாளியைப் பார்த்தே முதல் வாரத்தில் தெரிந்துகொண்டேன்.

முதன்முறை அரைத்தபோது தோலோடு கூடிய முழுப் பச்சைப்பயறு 1 கிலோவுக்குப் பூலாங்கிழங்கு, கஸ்தூரி மஞ்சள், ஆவாரம்பூ, உலர்ந்த ரோஜா இதழ் ஆகியவற்றில் வகைக்கு 100 கிராமும், வெட்டிவேர் 50 கிராமும் சேர்த்து, 3 நாள் வெயிலில் காயவைத்து மில்லுக்குக் கொண்டுபோனேன். அரைத்த மாவைச் சலிக்காமல் காலில் தேய்த்ததுதான் பெரிய தவறு. பயற்றுத் தோலின் துணுக்குகள் உரசிச் சிவப்புப் புள்ளிகள் தோன்றின, வியர்வை பட்டபோது எரிந்தது. இப்போது தோல் நீக்கிய பாசிப்பருப்பையே அரைத்து, மெல்லிய பருத்தித் துணியில் சலிக்கிறேன். ஒரு சிட்டிகை மாவை விரல்களுக்கிடையே தேய்க்கும்போது ரவைபோல் நெருடினால் அதை மறுபடி சலிக்க வேண்டும். மிளகாய் அரைத்த இயந்திரத்தில் இதைப் போடவே கூடாது. அரைக்கும் முன் மில்லில் கேட்டுக்கொள்வது நல்லது.

இந்த மாவு எதை நீக்குகிறது என்பதை அறிய ஒரு சோதனை செய்தேன். இரு முன்கைகளிலும் அரைத் தேக்கரண்டி நல்லெண்ணெய் தடவி, ஒன்றைச் சோப்பாலும் மற்றதை மாவாலும் கழுவி, துடைத்து உலர்த்தியபின் மெல்லிய தாளை அழுத்தினேன். சோப்பிட்ட கையில் கறையே இல்லை, மாவிட்ட கையில் மங்கலான எண்ணெய்த் தடம் இருந்தது. சோப்பு எண்ணெயை நீரோடு கலக்கச் செய்து கொண்டுபோகிறது. மாவோ அதிலுள்ள மாச்சத்தாலும் புரதத்தாலும் மேலே மிதக்கும் எண்ணெயை உறிஞ்சி, தேய்க்கும்போது அழுக்கோடு உருட்டி எடுக்கிறது. மெல்லிய ஒரு பூச்சு எஞ்சுவதற்குக் காரணம் இதுவே. என் வறண்ட காலுக்கு வேண்டியிருந்ததும் அந்த எஞ்சிய பூச்சுதான்.

ஆகவே ஒரே மாவை இடத்துக்கு இடம் வேறுவிதமாகக் குழைக்கிறேன். முகத்துக்கு வெறும் நீரில் கெட்டியாகக் குழைத்து, ஒரு நிமிடம் வைத்திருந்து, காயும் முன்பே கழுவிவிடுவேன். காய்ந்து இறுகவிட்டால் எண்ணெய் முகம்கூடக் கன்னத்தில் தோலுரியும். காலுக்கு முதலில் தேங்காயெண்ணெய் தடவி, பிறகு தயிரில் குழைத்த மாவை அழுத்தாமல் பூசிக் கழுவுகிறேன். வெறும் நீரில் குழைத்துக் காலில் தேய்த்த மாதங்களில் சோப்புக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு தெரியவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். இந்த முறைக்கு மாறிய பின், ஏறத்தாழ ஒன்றரை மாதத்தில் அரிப்பு நின்றது. மார்கழியில் மட்டும் குளித்தபின்னும் எண்ணெய் தேவைப்படுகிறது. முகத்தில் எண்ணெய் வழிவது சில மணி நேரம் தள்ளிப்போனதே தவிர, பருக்கள் குறையவில்லை.

மாவால் போகாதவையும் உண்டு. நீரில் கலையாத சன்ஸ்கிரீன் பூசிய நாளில் மாவு தேய்த்துக் கழுவியும் முகத்தில் நீர் முத்து முத்தாக உருண்டு நின்றது. அத்தகைய நாள் மாலையில் முகத்துக்குச் சோப்புதான். வண்டிச் சங்கிலியின் கிரீஸும் அப்படியே நின்றுவிடும். அக்குளில் மாவு தேய்த்தால் மதியத்துக்குள் வியர்வை நாற்றம் திரும்பிவிடுவதால் அங்கும் சோப்பையே பயன்படுத்துகிறேன். கழிப்பறை சென்று வந்தபின் கை கழுவ மாவைச் சோப்புக்கு மாற்றாகக் கொள்ளவே கூடாது.

குளியலறையில் ஒரு வாரத்துக்கான மாவை மட்டும் சிறு டப்பாவில் வைத்து, உலர்ந்த கரண்டியால் எடுக்கிறேன். ஈரக்கை பட்ட டப்பாவில் இரண்டே நாளில் கட்டி தட்டிப் புளித்த வாடை வந்தது, அதைக் கொட்டிவிட்டேன். மீதி மாவு சமையலறையில் காற்றுப்புகாத எவர்சில்வர் தூக்கில் இருக்கிறது. வண்டு வந்துவிடும் என்பதால் ஒரு முறைக்கு அரைக் கிலோவுக்கு மேல் இப்போது அரைப்பதில்லை.