‘டேட்டா சேமிப்பு’ ஆன் என்று காட்டியது, 17 ஜிபி போய்விட்டது

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். பெயர் சொல்லப்போவதில்லை. மாதச் சந்தா வாங்கிக்கொண்டு தொடர்களும் படங்களும் காட்டும் செயலிகளில் ஒன்று, அவ்வளவுதான்.

நீண்ட ரயில் பயணம். வழியில் சிக்னல் இருக்காது என்பதால் ஒரு தொடரின் பத்துப் பகுதிகளையும் முன்னாடியே இறக்கி வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். வீட்டில் பிராட்பேண்ட் கிடையாது, எல்லாம் மொபைல் டேட்டாதான். அதனால் தனியாக 20 ஜிபி கூடுதல் பேக் போட்டேன். செயலியின் அமைப்புகளுக்குள் போய்ப் பார்த்தேன். ‘டேட்டா சேமிப்பு’ என்று ஒரு பொத்தான், அதன் கீழே ‘மணிக்கு அரை ஜிபிக்கும் குறைவு’ என்று ஒரு வரி. அதை ஆன் செய்தேன். பச்சை நிறம் வந்தது. ஒவ்வொரு பகுதியும் 45 நிமிடம், பத்துக்கும் சேர்த்து ஏழரை மணி நேரம், எப்படியும் நாலு ஜிபிக்குள் முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டுக்கொண்டேன். ‘முழு சீசனையும் பதிவிறக்கு’ என்பதை அழுத்திவிட்டுத் தூங்கப் போனேன். அந்த ஒரு வரியை நம்பித்தான் அழுத்தினேன்.

காலையில் பார்த்தால் பேக்கில் 3 ஜிபிதான் மீதி. 17 ஜிபி காலி! பதிவிறக்கப் பட்டியலைத் திறந்தேன். ஒவ்வொரு பகுதிக்கும் பக்கத்தில் 1.7 ஜிபி என்று சிறிய எழுத்தில் இருந்தது. 480p-யில் இறங்கியிருந்தால் 340 எம்பி அளவில் முடிந்திருக்க வேண்டியது.

தோண்டிப் பார்த்ததில் காரணம் கிடைத்தது. அந்தப் பச்சைப் பொத்தான் இறக்காமல் ஆன்லைனில் பார்ப்பதற்கு மட்டும்தானாம். பதிவிறக்கத் தரம் வேறொரு பக்கத்தில், இரண்டு மெனுவுக்கு அடியில், ‘சிறந்தது’ என்று அவர்களே வைத்தபடி இருந்தது. அதாவது 1080p. கணக்கு எளிது: வினாடிக்கு 1 மெகாபிட் வேகத்தில் ஓடும் வீடியோ ஒரு மணி நேரத்துக்கு 450 எம்பி இழுக்கும். 480p-க்கு ஏறக்குறைய அவ்வளவு போதும். எனக்கு இறங்கியது 5 மெகாபிட், ஆக மணிக்கு 2.25 ஜிபி. உள்ளங்கை அளவுத் திரையில் பார்ப்பதற்கு எதற்கு ஐந்து மடங்கு? பதிவிறக்கத்துக்குப் பொருந்தாது என்று அந்தப் பொத்தானுக்கு அடியிலேயே ஒரு வரி எழுதியிருக்கலாமே.

சாட்டில் போய்க் கேட்டேன். முதலில் வந்தவர், “உங்கள் நெட்வொர்க் நிறுவனத்திடம் கேளுங்கள் சார்” என்றார். பட்டியலின் ஸ்கிரீன்ஷாட்டை அனுப்பினேன், பதிலே இல்லை, சாட் மூடிக்கொண்டது. அடுத்தவர் சொன்னதுதான் கொடுமை. “செயலியை நீக்கிவிட்டு மறுபடி நிறுவுங்கள், சரியாகிவிடும்.” செய்தேன். பத்துப் பகுதியும் போயே போச்சு. இறக்கிய கோப்புகள் கேலரியில் இருப்பதில்லை, செயலியின் சொந்த இடத்துக்குள் பூட்டி வைக்கப்படுகின்றன. செயலியை நீக்கினால் அவையும் போய்விடும். இது அவர்களுக்குத் தெரியாதா? 17 ஜிபியும் போய், அதற்குக் கிடைத்த வீடியோவும் போய், கையில் ஒன்றுமில்லை. திரும்பக் கேட்டதற்கு, “டேட்டா கட்டணத்துக்கு நாங்கள் பொறுப்பல்ல, விதிமுறைகளைப் பாருங்கள்” என்று ஒரு வரி.

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுத உட்கார்ந்தேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. சுருக்கமாகச் சொல்கிறேன்.

பார்க்கும் தரம் வேறு, பதிவிறக்கத் தரம் வேறு. இரண்டையும் தனித்தனியாகத் தேடிப் பிடித்துக் குறையுங்கள். முழு சீசன் பொத்தானைத் தொடாதீர்கள். ஒரே ஒரு பகுதியை இறக்கி அளவைப் பாருங்கள். முக்கால் மணி நேர வீடியோ 400 எம்பியைத் தாண்டினால் அங்கேயே நிறுத்துங்கள். ஆண்ட்ராய்டு என்றால் போனின் அமைப்புகளில் மொபைல் டேட்டாவுக்கு ஒரு வரம்பு வைக்கலாம், அந்த அளவு வந்ததும் போனே டேட்டாவை நிறுத்திவிடும். 5 ஜிபி என்று வைத்திருந்தால் எனக்கு இந்த 17 ஜிபி போயிருக்காது. கிளம்புவதற்கு முன் ஏரோப்ளேன் மோடில் போட்டு ஒரு பகுதியை ஓட்டிப் பாருங்கள். காலாவதித் தேதியையும் பாருங்கள், சிலவற்றில் பார்க்கத் தொடங்கியதும் 48 மணி நேரம்தான்.

அப்புறம், வாடிக்கையாளர் சேவை என்ன சொன்னாலும் பதிவிறக்கம் உள்ளே இருக்கும்போது செயலியை நீக்காதீர்கள்.