யாரும் நச்சரிக்காமலே புதுப்பிக்கப்படும் வேலைப் பட்டியல்: இரண்டு வருட அனுபவம்

மசாலாப் பொடி பேக்கிங் செய்யும் ஒரு நடுத்தரத் தொழிற்சாலையில் புராஜெக்ட் ஒருங்கிணைப்பு என் வேலை. புது மெஷின், புது ஷெட், லைன் மாற்றம் என்று எது வந்தாலும் கூகுள் ஷீட்ஸில் ஒரே ஒரு ஆக்ஷன் ஐட்டம் பட்டியல்தான் ஓடும். சிவில், எலெக்ட்ரிக்கல், கொள்முதல், தரக்கட்டுப்பாடு எல்லாரும் அதில்தான் எழுத வேண்டும், பாதிப்பேர் மெஷின் பக்கத்தில் நின்றுகொண்டு போனில்தான் திறப்பார்கள். இப்போதைய வடிவம் இரண்டு வருடமாக ஓடுகிறது, இன்றைக்குத் திறந்தாலும் அதில் இருப்பது இன்றைய நிலவரம்.

இதற்கு முன்பு இருந்ததிலும் பொறுப்பு, கெடு, நிலை எல்லாம் இருந்தன. அப்புறம் ஏன் யாரும் தொடவில்லை? நிலையை மாற்றுகிறவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை, அவ்வளவுதான். மேலாளருக்கு அறிக்கை போடுவதற்காக எலெக்ட்ரீஷியன் எதற்கு கிளவுஸைக் கழற்றிவிட்டு போனைத் திறக்க வேண்டும்? ஒரு வேலை எதற்குக் காத்திருக்கிறது என்று காட்டும் சார்பு நெடுவரிசையைத் திருப்பிப் போட்ட பிறகுதான் இது மாறியது.

வழக்கமாக அந்த நெடுவரிசையில் "சிவில் வேலை முடிந்தபின்" என்று ஒரு வாக்கியம் எழுதுவார்கள். அதை வைத்து ஷீட்டால் ஒன்றும் செய்ய முடியாது. எங்கள் பட்டியலில் அங்கே ஒரு வேலை எண் மட்டும்தான் வரலாம், அதுவும் ஒன்றே ஒன்று. இரண்டு வேலைகளுக்காகக் காத்திருந்தால் எது கடைசியாக முடியுமோ அதன் எண். நெடுவரிசைகள் இப்படி: A எண், B வேலை, C பொறுப்பு, D முதல் கெடு, E இப்போதைய கெடு, F நிலை, G எதற்குக் காத்திருக்கிறது, H அதன் நிலை, I யார் காத்திருக்கிறார்கள். கடைசி இரண்டையும் யாரும் நிரப்புவதில்லை, ஃபார்முலாதான் நிரப்புகிறது. H2, I2 வரிசையாக:

```
=IF(G2="","",XLOOKUP(G2,A$2:A,F$2:F,"எண் இல்லை"))
=IF(A2="","",IFERROR(TEXTJOIN(", ",TRUE,UNIQUE(FILTER(C$2:C,G$2:G=A2,F$2:F<>"முடிந்தது",F$2:F<>"கைவிடப்பட்டது"))),""))
```

எல்லாவற்றையும் மாற்றியது இந்த I நெடுவரிசை. உங்கள் வேலைக்கு நேராக, அது முடிவதற்காகக் காத்திருக்கும் ஆட்களின் பெயர் தெரியும். நீங்கள் "முடிந்தது" போட்டால் அவருடைய வரிசையில் H மாறிவிடும், அவர் உங்களுக்குப் போன் அடிக்க மாட்டார். போடாவிட்டால் தினமும் அடிப்பார். அந்தப் போன் தொல்லையைத் தவிர்ப்பதற்காகவே ஆட்கள் நிலையை மாற்ற ஆரம்பித்தார்கள்.

ஒரு எச்சரிக்கை: A-யில் உள்ள எண் கையால் அடித்ததாக இருக்க வேண்டும். வரிசை எண்ணையே ஃபார்முலாவில் எடுத்தால், யாராவது கெடு வாரியாக ஒருமுறை அடுக்கியதும் 14 வேறு வேலையாகிவிடும், சார்புகள் எல்லாம் தப்பான இடத்தைக் காட்டும், பிழைச் செய்தி எதுவும் வராது என்பதால் கண்டுபிடிக்கவும் நாளாகும். எண்ணை மறுபடி பயன்படுத்தவும் கூடாது.

வெளியாட்களுக்காகக் காத்திருப்பதையும் ஒரு வரிசையாக எழுதிவிடுகிறோம். "மோட்டார் வந்து சேர்தல்" என்று ஒரு வேலை, பொறுப்பு கொள்முதலில் இருக்கும் ஒருவர். மோட்டாரை அவர் செய்யப் போவதில்லை, ஆனால் சப்ளையரிடம் பேசித் தேதியைத் திருத்தும் ஆள் அவர்தான். பொறுப்பில் "சப்ளையர்" என்றோ "சிவில் டீம்" என்றோ எழுதிய வரிசை எதுவும் எங்களிடம் தானாக நகர்ந்ததே கிடையாது.

நிலை நான்குதான்: தொடங்கவில்லை, நடக்கிறது, முடிந்தது, கைவிடப்பட்டது. சதவீதம் வேண்டவே வேண்டாம், 90 என்று போட்டால் அது மாதக்கணக்கில் 90 ஆகவே நிற்கும். ஆனால் நான்கிலும் ஒரு சிக்கல் உண்டு. "முடிந்தது" என்றால் யாருக்கு முடிந்தது?

பௌச் பேக்கிங் மெஷின் நிறுவியபோது நடந்தது இது. 14-ஆம் வேலை "மெஷின் அடித்தளம்". ஜூன் 3 அன்று கான்கிரீட் போட்டார்கள், சிவில் சூப்பர்வைசர் அன்று மாலையே முடிந்தது என்று போட்டார். அவரைப் பொறுத்தவரை அது சரிதான். 17-ஆம் வேலை, மெஷினை இறக்கி ஆங்கர் போல்ட் அடிப்பது, 14-க்காகக் காத்திருந்தது. H-இல் முடிந்தது என்று பார்த்த ஃபிட்டர் 5-ஆம் தேதி ஆட்களோடு வந்து நின்றார். இரண்டு நாள் கான்கிரீட்டில் போல்ட் துளை போட்டால் ஓரம் பெயர்ந்து வரும். ஏழு நாளில்தான் முழு வலிமையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வரும், அதுவரை தண்ணீர் விட்டு ஈரமாகவே வைத்திருக்க வேண்டும். "சார், முடிஞ்சுதுன்னு ஷீட்ல போட்டிருக்கே" என்று அவர் கேட்டதும் நியாயம்தான்.

அன்றிலிருந்து B-யில் வேலையின் பெயரை எழுதும் உரிமை காத்திருப்பவருக்கே. "மெஷின் அடித்தளம்" என்பது "அடித்தளம் போல்ட் அடிக்கத் தயார்" என்று மாறியது, கெடு ஜூன் 10 ஆனது. எழுதும்போதே கான்கிரீட்டை ஈரமாக வைத்திருக்கும் க்யூரிங் நாட்கள் கணக்கில் வந்துவிடும், யாரும் நினைவுபடுத்த வேண்டாம்.

14 தள்ளிப்போனால் 17-இன் கெடுவையும் ஃபார்முலா தானாகத் தள்ளலாமே என்று பலர் கேட்டிருக்கிறார்கள். நான் வேண்டுமென்றே செய்யவில்லை. ஃபார்முலா தள்ளிய தேதி யாருடைய வாக்கும் அல்ல, அதை யாரும் தன்னுடையதாக நினைக்க மாட்டார்கள். அதற்குப் பதிலாக கண்டிஷனல் ஃபார்மாட்டிங்கில் நிறம். காத்திருக்கும் வேலையின் கெடு, தான் சார்ந்த வேலையின் கெடுவுக்கு முன்னால் விழுந்தால் வரிசை ஆரஞ்சாகும்:

```
=AND($G2<>"",$F2<>"முடிந்தது",$F2<>"கைவிடப்பட்டது",$E2<XLOOKUP($G2,$A$2:$A,$E$2:$E))
```

17-இன் கெடு ஜூன் 5 என்றே இருந்ததால் உடனே ஆரஞ்சு. ஃபிட்டர் அதை 11 ஆக்கினார், அடுத்த நொடி எலெக்ட்ரிக்கல் பேனல் வேலை 18 ஆரஞ்சானது, அதன் கெடு 9. அந்த வேலைக்குப் பொறுப்பானவர் 13 போட்டதும் ட்ரயல் ரன் வேலை 21-உம் நிறம் மாறியது, அது 12-இல் இருந்தது. இப்படி ஒவ்வொரு கண்ணியாகத்தான் நகரும், நடுவில் ஒருவர் விடுப்பில் இருந்தால் அங்கேயே நின்றுவிடும் என்பது இதன் குறை. திங்கட்கிழமை மீட்டிங்கில் ஆரஞ்சு வரிசைகளை மட்டும் வாசிப்பது அதற்காகத்தான்.

கெடுவுக்கு இரண்டு நெடுவரிசை வைத்ததும் காரணத்தோடுதான். ஒன்றே இருந்தால் தேதியை மாற்றப் பயந்து பொய்த் தேதியை அப்படியே விட்டுவிடுவார்கள், இல்லையென்றால் சத்தமில்லாமல் மாற்றிவிடுவார்கள். முதல் கெடு பூட்டப்பட்டிருக்கும், இப்போதைய கெடுவை யார் வேண்டுமானாலும் காரணம் சொல்லாமலே மாற்றலாம். ஷீட்டின் லொகேல் இந்தியா என்று இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்க அமைப்பில் 05/06 என்று அடித்தால் மே 6 ஆகிவிடும், 15/06 தேதியாகவே ஏறாமல் வெறும் எழுத்தாக இடப்பக்கம் ஒட்டி நிற்கும்.

இன்னும் தீராத ஒன்று, I காலியாக இருக்கும் வேலைகள். யாரும் காத்திருக்காத வேலையை, உதாரணத்துக்கு பழைய மெஷின் ஸ்பேர்களைக் கணக்கெடுப்பது, எந்த வடிவமைப்பாலும் எங்களால் நகர்த்த முடியவில்லை. மாதம் ஒருமுறை அவற்றை மட்டும் வடிகட்டிப் பார்த்து, உண்மையிலேயே யாருக்காவது வேண்டுமா என்று கேட்கிறோம், இல்லையென்றால் "கைவிடப்பட்டது". முடிந்த வரிசைகளை வேறு டேபுக்கு நகர்த்திச் சுத்தம் செய்ய ஆசை வரும், செய்யாதீர்கள், அவற்றைச் சார்ந்த வேலைகளில் "எண் இல்லை" என்று வந்துவிடும். ஆளுக்கொரு ஃபில்டர் வியூ போட்டு மறைத்துக்கொண்டால் போதும், அது மற்றவர் திரையையும் தொந்தரவு செய்யாது.