ரவுட்டரைத் திருப்பிக் கொடுத்த பிறகும் வந்த நான்கு பில்கள்

வீடு மாறுவதால் பிராட்பேண்ட் இணைப்பை ரத்து செய்தேன். ரவுட்டரை ஒப்படைத்து ரசீதும் வாங்கிக்கொண்டேன். அதன் பிறகும் நான்கு மாதங்கள் எனக்குப் பில் வந்தது. அவற்றில் இரண்டு மாதத் தொகை என் வங்கிக் கணக்கிலிருந்து தானாகவே எடுக்கப்பட்டது. தவறு எங்கே நிகழ்ந்தது என்று கண்டுபிடிப்பதற்கே வெகுகாலம் ஆயிற்று. இணைப்பை ரத்து செய்யும் எண்ணத்தில் இருப்பவர்களுக்கு, குறிப்பாக இடையில் ஒரு முறையாவது ரவுட்டரை மாற்றியவர்களுக்கு, இது உதவும் என்பதால் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

என் பில் ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதி வரும். அடுத்த ஒரு மாதத்துக்கான கட்டணம் முன்கூட்டியே வசூலிக்கப்படும். மார்ச் 10 அன்று வாடிக்கையாளர் சேவையை அழைத்து இணைப்பை ரத்து செய்யும்படி கேட்டேன். ஒப்பந்தப்படி 30 நாள் முன்னறிவிப்பு தேவை என்றும், ஏப்ரல் 9 அன்று சேவை முடியும் என்றும், ஏப்ரல் 5 அன்று முழு மாதப் பில் வந்தாலும் அதில் ஐந்து நாள் கட்டணம் போக மீதம் இறுதி பில்லில் கழிக்கப்படும் என்றும் சொன்னார்கள். கோரிக்கை எண் கைப்பேசிக்கு வந்தது. தொடர்ந்து இருந்தால் கட்டணத்தைக் குறைப்பதாகச் சொல்லி இரண்டு முறை அழைத்தார்கள், மறுத்துவிட்டேன். (அந்தச் சலுகையை ஏற்றால் குறைந்தபட்ச ஒப்பந்தக் காலம் மீண்டும் முதலிலிருந்து தொடங்கும் என்பதை இரண்டாவது அழைப்பில் நான் கேட்ட பிறகுதான் சொன்னார்கள்.) ஏப்ரல் 11 அன்று ஒருவர் வந்து ரவுட்டரையும் அடாப்டரையும் வாங்கிக்கொண்டு, "ரவுட்டர் 1, அடாப்டர் 1" என்று எழுதிய ரசீதைக் கொடுத்துவிட்டுப் போனார். எல்லாம் முடிந்ததென்று நினைத்தேன்.

மே 5 அன்று முழு மாதப் பில் வந்தது. அன்றே ஆட்டோ டெபிட் மூலம் பணமும் போயிற்று. பதிவுகள் சரியாவதற்குச் சற்றுத் தாமதமாகும் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது என் முதல் தவறு. ஜூன் 5 அன்றும் அதே கதை நடந்த பிறகு அழைத்தபோது, "உங்கள் ரத்துக் கோரிக்கை செயல்பாட்டில் இருக்கிறது, கவலைப்படாதீர்கள் சார்" என்றார் எடுத்தவர். செயல்பாட்டில் இருப்பதும் முடிந்திருப்பதும் வெவ்வேறு என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

இரண்டாவது தவறு இன்னும் பெரியது. கோபத்தில் வங்கிக்குச் சென்று ஆட்டோ டெபிட் ஒப்புதலை ரத்து செய்துவிட்டேன். பணம் போவது நின்றதே தவிர பில் போடுவது நிற்கவில்லை. ஜூலை 5 பில் செலுத்தப்படாத நிலுவையாகப் பதிவாயிற்று. அதன் மேல் தாமதக் கட்டணம் சேர்ந்தது. ஆகஸ்ட் பில்லும் வந்த பிறகு, நிலுவை வசூலிக்கும் பிரிவிலிருந்து அழைப்புகள் வரத் தொடங்கின. நிறுவனத்தின் பதிவேட்டில், சேவையைப் பயன்படுத்திக்கொண்டே பணம் கட்டாத வாடிக்கையாளராக நான் மாறியிருந்தேன். பணம் எடுப்பதை நிறுத்தக்கூடாது என்று நான் சொல்லவில்லை. பில்லை ஏற்கவில்லை என்ற மறுப்பை முதலில் எழுத்தில் அனுப்பி, அதற்குப் புகார் எண் பெற்ற பிறகே நிறுத்தியிருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன். அப்படிச் செய்திருந்தால் அந்தத் தொகை தகராறில் உள்ள தொகை என்றாவது பதிவாகியிருக்கும்.

ஆகஸ்ட் மாதம் நான்காவது முறை அழைத்தபோதுதான் பொறுமையான ஒருவர் கிடைத்தார். அவரிடம் நான் கேட்ட கேள்வியும் இந்த முறை வேறாக இருந்தது. இணைப்பு ரத்தாகிவிட்டதா என்று கேட்காமல், என் கணக்கின் நிலை திரையில் எந்தச் சொல்லில் காட்டப்படுகிறது, ரத்துக் கோரிக்கையில் எந்தப் படி முடியாமல் நிற்கிறது என்று கேட்டேன். அவர் தேடிப் பார்த்துவிட்டு, கணக்கு "தற்காலிக நிறுத்தம்" என்ற நிலையில் இருப்பதாகவும், உபகரணம் திரும்பப் பெறப்படவில்லை என்பதால் இறுதி மூடல் நடக்கவில்லை என்றும் சொன்னார். ரசீது இருக்கிறதே என்றேன். எங்கள் பதிவில் உள்ள சீரியல் எண் கொண்ட ரவுட்டர் வந்து சேரவில்லை என்றார். அந்த எண்ணை வாசிக்கும்படி கேட்டேன். வாசித்தார்.

அது நான் ஒப்படைத்த ரவுட்டரின் எண் அல்ல. இணைப்பு வாங்கியபோது முதலில் பொருத்திய ரவுட்டர் ஒன்றரை ஆண்டுக்குப் பிறகு பழுதானது. வீட்டுக்கு வந்த தொழில்நுட்பப் பணியாளர் வேறொன்றைப் பொருத்திவிட்டுப் பழையதை எடுத்துச் சென்றார். இந்த மாற்றத்தை அவர் உபகரணப் பதிவேட்டில் ஏற்றவே இல்லை. என் இணைப்பில் ரவுட்டர் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் கொண்டு உள்நுழையும் முறை இருந்ததால், அந்த விவரங்கள் சரியாக இருந்தால் எந்தப் பெட்டியிலும் இணையம் வரும். ஆகவே பதிவேட்டில் ஓர் எண்ணும் வீட்டில் வேறோர் எண்ணும் இருந்தது யாருக்கும் தெரியாமலே காலம் ஓடிவிட்டது. திருப்பிக் கொடுத்த அன்றுதான் அது வெளிப்பட்டது. கிடங்கில் என் ரவுட்டரை ஸ்கேன் செய்தபோது அது எந்த வாடிக்கையாளருடைய கணக்கோடும் பொருந்தாத பெட்டியாகப் போய் அலமாரியில் உட்கார்ந்துகொண்டது; என் பெயரில் இருந்த பெட்டியோ வராத பெட்டியாகவே நின்றது. உபகரணம் வந்தால்தான் மூடல், மூடினால்தான் பில் நிற்கும் என்று அவர்களுடைய மென்பொருள் ஒன்றுக்குப் பின் ஒன்றாகக் கோத்து வைத்திருப்பதால், ஒரு சீரியல் எண் என்னை நான்கு மாதம் கட்டிப்போட்டது.

நான் தப்பித்தது முன்யோசனையால் அல்ல. புதிய ரவுட்டர் வந்த அன்று வைஃபை கடவுச்சொல்லை வீட்டில் உள்ளவர்களுக்கு அனுப்புவதற்காக அதன் அடிப்பக்க ஸ்டிக்கரைப் படம் எடுத்திருந்தேன். அதே ஸ்டிக்கரில் சீரியல் எண்ணும் மேக் முகவரியும் இருந்தன. படத்தில் தேதியும் பதிவாகியிருந்தது. பழுது நீக்கிய நாளில் வந்த குறுஞ்செய்தியையும் அழிக்காமல் வைத்திருந்ததால், அன்றைய புகார் எண் கிடைத்தது. இந்த இரண்டையும் ஏப்ரல் 11 ரசீதையும் சேர்த்து, பழைய எண்ணுக்குப் பதிலாகப் புதிய எண்ணை என் கணக்கில் ஏற்றி, அது கிடங்கில் உள்ளதா என்று பார்க்கும்படி மின்னஞ்சல் அனுப்பினேன். ஐந்து நாளில் பெட்டி கிடைத்துவிட்டது என்று பதில் வந்தது. ரசீதில் எண்ணிக்கையை மட்டும் எழுதாமல் சீரியல் எண்ணையும் எழுதி வாங்கியிருந்தால் இவ்வளவும் தேவைப்பட்டிருக்காது. அதற்கும் மேலாக, மார்ச் மாதம் ரத்துக் கோரிக்கை கொடுத்த அன்றே, என் பெயரில் எந்தெந்த உபகரணம் எந்தெந்த எண்ணோடு பதிவாகியுள்ளது என்று கேட்டு வீட்டில் உள்ளதோடு ஒப்பிட்டிருந்தால், பெட்டி கையைவிட்டுப் போவதற்கு முன்பே வேறுபாடு தெரிந்திருக்கும். ரவுட்டரை ஃபாக்டரி ரீசெட் செய்து கொடுப்பது நல்ல பழக்கம்தான். ஆனால் அதற்கு முன் அந்த ஸ்டிக்கரைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

இதோடு முடியவில்லை. ஆகஸ்ட் 19 அன்று கணக்கு மூடப்பட்டதாகச் செய்தி வந்தது. கூடவே இறுதி பில்லும் வந்தது. அதில் ஜூலை, ஆகஸ்ட் கட்டணமும் தாமதக் கட்டணமும் கேட்கப்பட்டிருந்தன. காரணம், மூடல் நடைமுறைக்கு வந்த தேதியாக ஏப்ரல் 9க்குப் பதிலாக ஆகஸ்ட் 19 பதிவாகியிருந்தது. கணினியில் பொத்தானை அழுத்திய நாளையே சேவை முடிந்த நாளாக அது எடுத்துக்கொண்டது. அந்தத் தேதி நின்றால் நான்கு பில்களும் நியாயமான பில்களாகிவிடும். அந்தச் சொல்லைத் தெரிந்துகொள்வது முக்கியம்: "நடைமுறைத் தேதி". மார்ச் 10 கோரிக்கை எண்ணை மேற்கோள் காட்டி, முன்னறிவிப்பு முடிந்த ஏப்ரல் 9ஐ நடைமுறைத் தேதியாக மாற்றும்படி எழுதினேன். அது மாற்றப்பட்ட பிறகே நான்கு பில்களும் தாமதக் கட்டணமும் ரத்தாயின. மே, ஜூனில் எடுக்கப்பட்ட தொகையும் ஏப்ரல் பில்லின் மீதமும் என் கணக்கில் வரவாக வைக்கப்பட்டன.

வரவாக வைத்தது என்றால் வங்கிக்கு வந்தது என்று பொருள் இல்லை. மூடிய கணக்கில் அடுத்த பில் என்று ஒன்று கிடையாதென்பதால், அந்த வரவு கழிவதற்கு வழியே இல்லாமல் அப்படியே கிடந்தது. பணத்தை வங்கிக்கு அனுப்பும்படி தனியாகக் கேட்டு, கணக்கு விவரம் கொடுத்த பிறகே வந்தது. இதற்கிடையே இணையதளத்தில் என் உள்நுழைவும் முடக்கப்பட்டுவிட்டது. நல்ல வேளையாக எல்லாப் பில்களையும் அதற்கு முன்பே பதிவிறக்கி வைத்திருந்தேன். இல்லாவிட்டால் எந்த மாதம் எவ்வளவு எடுத்தார்கள் என்பதைக் காட்ட வங்கி அறிக்கை ஒன்றுதான் மிஞ்சியிருக்கும்.

கணக்கின் நிலை "மூடப்பட்டது" என்று எழுத்தில் வந்ததையும், நிலுவை இல்லை என்ற கடிதம் வந்ததையும் கொண்டு இந்த முறை நான் அமைதியடையவில்லை. செப்டம்பர் 5, அக்டோபர் 5 ஆகிய இரண்டு பில் தேதிகளையும் நாட்காட்டியில் குறித்து வைத்துக் கவனித்தேன். இரண்டிலும் பில் வரவில்லை. இணைப்பு வாங்கியபோது கட்டிய முன்வைப்புத் தொகை மட்டும் இன்னும் வந்து சேரவில்லை. நேற்று விசாரித்தபோது, அது முதலில் பொருத்திய அந்தப் பழைய ரவுட்டரின் சீரியல் எண்ணோடு இணைக்கப்பட்டிருப்பதாகச் சொன்னார்கள்.