போன் ரெக்கார்டர வெச்சு கானா பழகுன ரெண்டு வருஷ கதை

வியாசர்பாடில எங்க தெருவுல ஒரு மாமா இருக்காரு, அந்த காலத்து கானா எல்லாம் அத்துப்படி, எழுதி வெக்கிற பழக்கமே கெடையாது. அவர் பாடுறத போன்ல புடிச்சு வீட்ல பழகுறது ரெண்டு வருஷமா ஓடுது. தனியா ஆப் எதுவும் வாங்கல, போன்லயே வந்த வாய்ஸ் ரெக்கார்டர்தான். ட்ரிம், புக்மார்க், ஏ-பி லூப், ஸ்பீடு எல்லாம் அதுலயே இருக்கு.

முதல்ல லூப்தான் பெரிய விஷயம்னு நெனச்சேன். கஷ்டமான வரிக்கு முன்னாடி ஏ, முடிஞ்சதும் பி, அது பாட்டுக்கு சுத்தும், நாம கூட பாடலாம். ஒரு வாரம் அப்டியே பழகிட்டு மாமா முன்னாடி பாடுனா, "இன்னாடா, வரி முடியற எடத்துல இஸ்துக்கினே போற, தாளம் எங்க?"ன்னாரு. எனக்கு ஒன்னும் புரியல, போன்ல பாடும்போது கரெக்டாதான இருந்துச்சு?

அப்புறம் உக்காந்து எண்ணிப் பாத்தேன். மாமா தீப்பெட்டில தட்டுற தாளம் எட்டு தட்டு ஒரு சுத்து, அந்த பாட்டுல ஒரு தட்டுக்கு சுமாரா 0.6 செகண்டு, அப்டின்னா ஒரு சுத்து 4.8. வரி ரெண்டு சுத்து, 9.6 செகண்டு. ஆனா என் போன்ல லூப் மார்க் முழு செகண்டுலதான் நிக்கும், அதனால நான் வெச்சது 10. அந்த 0.4 செகண்டு சின்னதா தெரியும், ஆனா அது ஒரு தட்டுல பாதிக்கு மேல. ஒவ்வொரு சுத்துலயும் கடைசில கொஞ்சம் காத்திருந்து காத்திருந்து, வரி முடிவ இழுக்கறதே பழக்கமாயிடுச்சு. லூப்ப ஓடவிட்டு தொடைல தட்டிக்கினே இருங்க, திரும்ப ஆரம்பிக்கிற எடத்துல கை தடுமாறுச்சுன்னா நீளம் தப்புன்னு அர்த்தம்.

இப்ப லூப்ப விட்டுட்டேன், ட்ரிம் பண்றேன். ட்ரிம் ஸ்க்ரீன்ல ரெண்டு விரலால பெருசாக்குனா அலை மாதிரி கோடுல ஒவ்வொரு தட்டும் தனித்தனி முள்ளா தெரியும். வரிக்கு முன்னாடி வெறும் தீப்பெட்டி மட்டும் ஒரு சுத்து வர்ற மாதிரி வெட்டுவேன், மொத்தம் 14.4 செகண்டு. கடைசி எழுத்து முடிஞ்ச உடனே ஃபைல் முடியணும். அத ரிபீட்ல போட்டா திரும்ப ஆரம்பிக்கும்போது ஒரு சின்ன கேப் விழும், ஆனா அது வரிக்கும் வெறும் சுத்துக்கும் நடுவுல விழறதால மூச்சு வாங்கிட்டு புதுசா எண்ணிக்கலாம், ஒன்னும் கெடாது. புளூடூத் ஸ்பீக்கர்ல மட்டும் போடாதீங்க, என்னுது முழிச்சுக்கறதுக்குள்ள முதல் தட்டு போயிடும். ஒயர் ஹெட்செட் போதும்.

ட்ரிம்ல ஒரு தடவ நல்லா வாங்கிக்கட்டிக்கிட்டேன். நாலு நிமிஷ பாட்டுல ஒரு வரிய வெட்டிட்டு சேவ் குடுத்தேன், அது புதுசா சேவ் ஆகாம பழசு மேலயே ஏறிடுச்சு. மிச்ச பாட்டு காலி. மாமா "சரி வுடு, திரும்ப பாடுறேன்"னு பாடுனாரு, ஆனா கானாக்காரர் ஒரே மாதிரி ரெண்டு தடவ பாடுவாரா? நடுவுல ஒரு சரணம் வேற மாதிரி வந்துச்சு, பழசு போனது போனதுதான். அதுல இருந்து காப்பி எடுத்து பேர்ல "முழுசு"ன்னு போட்டுட்டு, இன்னொரு காப்பிலதான் கை வெப்பேன்.

புக்மார்க் பேச்சுக்கு சரி. என் தங்கச்சி ஸ்கூல் பேச்சுப் போட்டிக்கு அதுலதான் பழகுனா, திக்குற எடத்துல ஒரு தட்டு, அப்புறம் அங்கங்க போய் கேக்கறது. தப்பு நடந்து, நமக்கு ஒறச்சு, விரல் போய் தட்டறதுக்குள்ள ரெண்டு மூணு செகண்டு தாண்டிடும், அதனால மார்க்ல இருந்து அஞ்சு செகண்டு பின்னாடி போய்தான் கேக்கணும். பாட்டுக்கு அது சுத்தமா ஆவல. ரெண்டு கையும் தீப்பெட்டில, இதுல போன எங்க தொடறது? தொட்டாலும் அந்த 'டொக்' ரெக்கார்டுல விழுது. நான் பண்றது என்னான்னா, தப்பு வந்த உடனே நிறுத்திட்டு பலமா ரெண்டு கைதட்டு. கோட்டுல ரெண்டு உசரமான முள்ளு தூரத்துல இருந்தே தெரியும். ஆப் குடுக்கற புக்மார்க்க விட இதுதான் எனக்கு ஒத்துவருது.

ஸ்பீட 0.7 ஆக்கி கேக்கறது வார்த்த புடிக்க நல்லாருக்கு, மாமா வேகமா முழுங்கற எழுத்தெல்லாம் அப்பதான் தெரிஞ்சுது. சுருதி மாறாது. ஆனா அவர் கொரல வளைக்கற எடமெல்லாம் தண்ணிக்குள்ள பாடற மாதிரி ஆயிடும், அத மெதுவா கேட்டு பழகாதீங்க, நிஜ வேகத்துலயே கேளுங்க.

ரெக்கார்டிங் மட்டும் இன்னும் தலைவலிதான். பாதி பாட்டு வரும்போது ஒரு ட்ரெயின் ஹாரன் அடிச்சுட்டு போவும், ட்ரிம்ல அத வெட்டுனா தாளமும் கூட போயிடும். இப்பல்லாம் ராத்திரி பதினொன்னரைக்கு மேல மாமா வீட்டு மாடிலதான் எடுக்கறோம், பக்கத்து வீட்டு அக்கா மட்டும் அப்பப்ப கத்தும்.