எழுத்தில்லாத படம், தனியே வைத்த தலைப்பு: நூல் அட்டைக்கான ஒரு முறை, நீண்டகாலப் பயன்பாட்டுக்குப் பின்

படத்தை மட்டும் செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் வாங்கி, தலைப்பையும் ஆசிரியர் பெயரையும் வேறொரு மென்பொருளில் தனி அடுக்காக வைக்கும் முறை, அட்டைகள் பல அச்சாகி வந்த பிறகும் தாக்குப்பிடிக்கிறது. தலைப்போடு சேர்த்து முழு அட்டையையும் கருவியிடமே கேட்கும் வழி தாக்குப்பிடிப்பதில்லை. ஆங்கில எழுத்தை ஓரளவு ஒழுங்காக எழுதும் கருவிகள்கூட தமிழில் சுழியைக் கூட்டும், புள்ளியை விழுங்கும், இல்லாத எழுத்தொன்றைப் புதிதாகப் படைக்கும். தப்பித்தவறிச் சரியாக வந்தாலும் அது வெறும் பிக்சல்தான். ஒரு புள்ளியைத் திருத்தச் சொன்னால் முழுப் படமும் மாறிவிடக்கூடும்.

'தூரத்துக் கோடை' என்று ஒரு கற்பனைச் சிறுகதைத் தொகுப்பை எடுத்துக்கொள்வோம். அளவு 5.5 × 8.5 அங்குலம், 220 பக்கம், இளமஞ்சள் தாள், அமேசானின் சுயவெளியீட்டுச் சேவையான கேடிபி வழியாக அச்சு. படத்தைத் தொடுவதற்கு முன்பே கணக்கைப் போட்டுவிட வேண்டும். கேடிபியில் இளமஞ்சள் தாளுக்கு ஒரு பக்கத்துக்கு 0.0025 அங்குலம் என்று முதுகுத் தடிமனைக் கணக்கிடுகிறார்கள். 220 பக்கத்துக்கு 0.55 அங்குலம். சுற்றிலும் வெட்டுக்கழிவு 0.125 அங்குலம். ஆக பின்னட்டை, முதுகு, முன்னட்டை மூன்றும் சேர்ந்த முழு விரிப்பு 11.8 × 8.75 அங்குலம். இதே நூலை வெள்ளைத் தாளில் அடித்தால் ஒரு பக்கம் 0.002252 அங்குலம்தான், முதுகு ஏறக்குறைய 1.4 மில்லிமீட்டர் மெலிந்துவிடும். தாளை முடிவு செய்யாமல் அட்டையை முடித்துவிட்டேன் என்று சொல்வதில் பொருளில்லை.

அடுத்தது படம் எவ்வளவு தூரம் ஓட வேண்டும் என்பது. முன்னட்டையின் மடிப்பிலேயே படத்தை நறுக்கென்று முடிப்பது பலரும் செய்யும் தவறு. நூலைக் கட்டும்போது முதுகு 1/16 அங்குலம் வரை நகரும். அப்போது படத்தின் ஓரம் கோணலாக முதுகில் எட்டிப்பார்க்கும், அல்லது பின்னட்டையின் நிறம் முன்பக்கம் கோடாக ஏறும். படம் முதுகையும் தாண்டி, பின்னட்டைக்குள் கால் அங்குலம் சென்று, அங்கே வெற்று நிறத்தில் மெல்லக் கரைந்தால் இந்த நகர்வு யார் கண்ணிலும் படாது. நம் எடுத்துக்காட்டில் அதற்குத் தேவைப்படும் அகலம் 5.625 + 0.55 + 0.25, அதாவது 6.425 அங்குலம்.

பின்னட்டைக்கென்று இன்னொரு படம் பிறப்பிக்க வேண்டாம். வெளிச்சம் வரும் திசையும் தூரிகைத் தடமும் இரண்டிலும் ஒத்துப்போவதே இல்லை. முன்படத்தின் வானத்திலிருந்து எடுத்த ஒரே நிறம் போதும். அதன்மேல் பின்னட்டை வாசகமும் நன்றாகப் படிக்கக் கிடைக்கும்.

இப்போது கருவியிடம் கேட்கும் வாசகம். "நூல் அட்டை" என்ற சொல்லை அதில் சேர்க்கவே கூடாது. சேர்த்தால் போலி எழுத்துகள் வரும், சில நேரம் மேசைமேல் கிடக்கும் ஒரு புத்தகத்தின் படமே வந்து நிற்கும். கருவிக்குத் தெரிய வேண்டியது காட்சியும், தலைப்புக்கான வெற்றிடம் எங்கே என்பதும்தான். மிட்ஜர்னிக்கு எழுதினால் இப்படி:

```
dry riverbed at noon, one bare tree small and low in the
lower third, upper half empty pale sky, muted ochre,
gouache on rough paper --ar 2:3 --no text, letters
```

`upper half empty pale sky` என்ற பகுதிதான் இதில் உயிர்நாடி. வெற்றிடத்தைக் காட்சியாகவே சொல்ல வேண்டும். "தலைப்புக்கு இடம் விடு" என்று எழுதினால், தலைப்பு என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு கிறுக்க ஆரம்பித்துவிடும். எழுத்து வேண்டாம் என்பதையும் மூல வாசகத்துக்குள் எழுதாமல், மேலே உள்ளதுபோல் `--no` கட்டளையிலோ, ஸ்டேபிள் டிஃப்யூஷனில் எதிர்மறை வாசகத்திலோ வைப்பதுதான் பலன் தருகிறது.

கிடைத்த படம் 1024 × 1536 பிக்சல் என்று கொள்வோம். 6.425 அங்குலத்துக்கு விரித்தால் ஓர் அங்குலத்துக்கு 159 பிக்சல்தான் தேறும். அச்சுக்கு 300 வேண்டும். இரண்டு மடங்கு பெரிதாக்கினால் 2048 பிக்சல், அதாவது 319. அதுவே தாராளம். நான்கு மடங்கு போவதால் எதுவும் கூடுவதில்லை, உள்ளதும் கெடும்: பெரிதாக்கும் கருவி இல்லாத நுணுக்கத்தை இட்டுக்கட்டும். மரப்பட்டை பின்னலாகும், முகத்தோல் நெகிழிபோல் வழுவழுக்கும். உயரத்தில் ஏறக்குறைய 0.9 அங்குலம் மிஞ்சும். அதை மேலே வெட்டுவதா கீழே வெட்டுவதா என்பதைத் தலைப்பு வைத்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பெரிதாக்கிய படத்தை இடவலமாகப் புரட்டி, 200 விழுக்காட்டில் மூலைமூலையாகப் பார்க்க வேண்டும். கீழ்மூலையில் ஓவியரின் கையொப்பம்போல் ஒரு கிறுக்கல் இருக்கும். அடிக்கடி தப்பிவிடும் பிழை இதுதான். காற்றில் தொங்கும் கிளை, மரத்தோடு சேராத நிழல் ஆகியவையும் புரட்டினால்தான் கண்ணில் படும். இவற்றைக் கிரிட்டாவிலோ கிம்ப்பிலோ கையால் திருத்துவதே விரைவு. வெற்று வானத்துக்கு ஒரு தனிக் கவனிப்பு தேவை: திரையில் வழுக்கிக்கொண்டு போகும் நிறமாற்றம் அச்சில் பட்டை பட்டையாகப் படியக்கூடும். 2 அல்லது 3 விழுக்காடு மணல்துகள் இரைச்சலைத் தூவினால் பட்டை மறைந்துவிடும்.

எழுத்துக்கு வருவோம். மென்பொருள் தமிழை ஒழுங்காகக் கோக்கிறதா என்று பார்க்க 'கோடை' என்ற சொல்லே போதும். இரட்டைக்கொம்பு ககரத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நின்றால், அந்த மென்பொருளில் இந்திய எழுத்துகளைக் கோக்கும் வசதி இயங்கவில்லை என்று பொருள். போட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில் எழுத்து அமைப்புகளில் `World-Ready Layout`, இல்லஸ்ட்ரேட்டரில் `Show Indic Options` ஆகியவற்றை இயக்க வேண்டும். இங்க்ஸ்கேப்பும் கிம்ப்பும் எதுவும் செய்யாமலே சரியாகக் காட்டும். ஸ்கிரைபஸ் என்றால் பழைய 1.4 வேண்டாம், 1.6 வேண்டும். இந்தத் தொல்லைக்குப் பயந்து பாமினி போன்ற பழைய எழுத்துருவுக்கு ஓடுகிறவர்கள் உண்டு. அது எந்த மென்பொருளிலும் கோணாமல் நிற்கும் என்பது உண்மை. ஆனால் அட்டையில் இருக்கும் தலைப்பை நகலெடுத்துப் பதிப்பு விவரப் பெட்டியில் ஒட்டும்போது வருவது அர்த்தமற்ற ஆங்கில எழுத்துக்குவியல்.

எழுத்துரு தேர்வில் ஒரே ஒரு நிபந்தனைதான் காலப்போக்கில் மிஞ்சியது: மெல்லிய கோடு கூடாது. கேட்டமரன், முக்த மலர், நோட்டோ செரிஃப் தமிழ், அனெக் தமிழ் எல்லாம் திறந்த உரிமத்தில் கிடைப்பவை; அட்டையில் பயன்படுத்தத் தடையில்லை; நான்கிலும் தடித்த வடிவங்கள் உண்டு. தலைப்பை 'தூரத்துக்' ஒரு வரி, 'கோடை' ஒரு வரி என்று பிரித்தால், மேல்வரியின் 'தூ', 'து' இரண்டும் கீழே இறங்குகின்றன. கீழ்வரியில் மேலே ஏறும் கொக்கியோ புள்ளியோ இல்லை. அதனால் வரிகளை இறுக்கலாம். தலைப்பு 'தூரத்து நிழல்' என்றிருந்தால் 'நி'யின் கொக்கி மேல்வரியின் வாலில் போய் முட்டும். மென்பொருள் தரும் வரி இடைவெளி எண்ணை நம்பாமல், கண்ணால் பார்த்து நகர்த்துவதே வழி. எழுத்துகளுக்கிடையே இடைவெளியைக் கூட்டும் ஆங்கிலப் பாணி தமிழில் எடுபடாது: கொம்பும் ககரமும் காலும் தனித்தனியே விலகி, கொம்பு எந்த எழுத்தோடு சேர்ந்தது என்றே தெரியாமல் போகும்.

தலைப்பு படத்தில் அமிழ்கிறது என்றால் நிழல் போட்டு மேலே தூக்குவதைவிட, பின்னாலிருக்கும் வானத்தை மெல்ல வெளுக்கவோ கறுக்கவோ செய்வது நல்லது. நிழல், இணையக் கடையில் காட்டும் சிறுபடத்தில் அழுக்காகத் தெரியும். மொத்தத்தையும் கறுப்புவெள்ளையாக்கி 100 பிக்சல் அகலத்துக்குச் சுருக்குங்கள். அப்போதும் தலைப்பைப் படிக்க முடிந்தால் போதும். ஆசிரியர் பெயர் படிக்கக் கிடைக்காவிட்டால் பெரிய நட்டமில்லை.

முதுகில் எழுத்து வைக்க கேடிபி குறைந்தது 80 பக்கமாவது கேட்கிறது, இருபுறமும் 0.0625 அங்குலம் விட வேண்டும். நம் நூலில் மிஞ்சுவது 0.425 அங்குலம், எழுத்தளவில் ஏறக்குறைய 30 புள்ளி. அதற்காக 30 புள்ளி எழுத்து வைத்தால் 'தூ'வின் வால் எல்லையைத் தாண்டக்கூடும். எழுத்தை வடிவக்கோடாக மாற்றிய ஒரு நகலில் உண்மையான உயரத்தை அளந்துவிட்டுத்தான் எழுத்தளவைச் சொல்ல முடியும். அச்சுக்கு அனுப்பும் கோப்பில் எழுத்து வடிவக்கோடாகவே போகலாம். திருத்தக்கூடிய எழுத்துள்ள கோப்பைத் தனியே பத்திரப்படுத்த மறக்கக் கூடாது.

இந்த அடுக்குமுறையின் பலன் தெரிவது இரண்டாம் பதிப்பில். ஒரு கதை சேர்ந்து 248 பக்கமானால் முதுகு 0.62 அங்குலம், விரிப்பு 11.87. படம் ஓட வேண்டிய அகலம் 6.495 அங்குலம், அதே 2048 பிக்சல் இப்போதும் அங்குலத்துக்கு 315 தருகிறது. முதுகு எழுத்தைப் புதிய நடுவுக்கு நகர்த்தி, பின்னட்டை நிறத்தை நீட்டினால் வேலை முடிந்தது. கருவியைத் திறக்கவே வேண்டியதில்லை.

நிறத்தில் மட்டும் இந்த முறைக்கு ஒரு குறை உண்டு. கருவிகள் தருவது திரைக்கான நிறம். ஒளிரும் நீலமும் பளிச்சென்ற பச்சையும் அச்சில் மங்கிப்போகும். காவியும் மண்நிறமும் அதிகம் மாறுவதில்லை. மேலுள்ள வாசகத்தில் `muted ochre` இருப்பது பாதி ரசனை, பாதி இந்த அச்சம். ஒரு மாதிரிப் பிரதி வாங்கிப் பகல் வெளிச்சத்தில் பார்க்காமல் இதற்குத் தீர்வு கிடையாது.

மின்னூலுக்கு அதே முன்னட்டையை அப்படியே சுருக்கி அனுப்புவது பொருந்தாது. கேடிபி பரிந்துரைப்பது 1600 × 2560 பிக்சல், அச்சு அட்டையைவிடக் கொஞ்சம் நெடியது. முன்பு மிஞ்சிய 0.9 அங்குல உயரம் இங்கே பயன்படும். தலைப்பை மட்டும் மறுபடி நிறுத்த வேண்டும். நம் அட்டையின் வானம் வெளிர்நிறம் என்பதால் கடையின் வெள்ளைப் பக்கத்தில் ஓரம் தெரியாமல் கரைந்துவிடும். 3 அல்லது 4 பிக்சல் சாம்பல் கோடு ஒன்றைச் சுற்றிலும் இழுக்கலாம். பதிவேற்றும்போது செயற்கை நுண்ணறிவு உள்ளடக்கம் உண்டா என்று கேடிபி கேட்கும் கேள்வி அட்டைப் படத்துக்கும் சேர்த்துத்தான். கையால் எவ்வளவு திருத்தியிருந்தாலும் 'ஆம்' என்றே குறிக்க வேண்டும்.